ஒன்றரைப் பாயின்ட் கோடு

எங்கள் அலுவலகச் சுவரில் என் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. அதில் மூன்று விதிகள் இருக்கும். தீம் நிறம் மட்டும். எல்லா ஐகானுக்கும் கோட்டின் தடிமன் ஒன்றரைப் பாயின்ட். சந்தேகம் வந்தால் கேள். மூன்றாவதை எழுதிய கைக்குச் சொந்தக்காரன், யாராவது சந்தேகம் கேட்டால் எரிந்து விழுகிற ஆள். அந்த மூன்றையும் நானே மீறினேன், ஒரே காலையில், ஒரு மணி நேரத்துக்குள். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

தல்லாகுளத்தில் இரண்டாவது மாடி, ஆறு பேர், பிரசன்டேஷன் செய்து கொடுக்கிற வேலை. கம்பெனிக்காரர்கள் தாறுமாறாக ஸ்லைடு அனுப்புவார்கள், நாங்கள் அதைக் கண் கொண்டு பார்க்கிற மாதிரி ஆக்கித் தருவோம். மேடம்தான் முதலாளி. நான் பதினோரு வருடமாக அங்கே மூத்தவன். வெளியிலிருந்து இறக்கி ஸ்லைடில் வைக்கிற ஐகான்களை, அந்தச் சின்னச் சின்னப் படங்களைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று ஊரே நம்பியது. ஊர் என்றால் அந்த ஆறு பேர். அதில் அதிகம் நம்பியவன் நான்.

புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் பேரையூரிலிருந்து வந்து போய்க்கொண்டிருந்தார். முப்பத்தாறு வயது. ஒரு மிஷன் பள்ளியில் பத்து வருடம் தற்காலிக ஓவிய ஆசிரியை. நிரந்தரமாக்குகிறேன் நிரந்தரமாக்குகிறேன் என்று சொல்லியே காலத்தை ஓட்டியிருக்கிறார்கள். அதை விட்டுவிட்டு, கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு எங்களிடம் வந்தார். மூன்று மாதம் பார்ப்போம், பிடித்தால் நிரந்தரம், அதன் பிறகு வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே செய்யலாம் என்று மேடம் சொல்லியிருந்தார். அந்த மூன்று நாளுக்காகத்தான் அவர் தினமும் விடியுமுன் எழுந்து, போக வர நான்கு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்தார். எல்லோரிடமும் சிரித்துக்கொண்டே சொல்வார். “இன்னும் அறுபது நாள் பஸ்சு. இன்னும் நாப்பது நாள் பஸ்சு.”

மூன்றாவது மாதத்தில் அந்தப் பெரிய வேலை வந்தது. சொட்டுநீர்க் குழாய் விற்கிற ஒரு கம்பெனி. உசிலம்பட்டிப் பக்கத்து மானாவாரிக்காரர்களுக்கு எப்படி விற்கப் போகிறோம் என்று அறுபத்திரண்டு ஸ்லைடு. அதில் தொண்ணூறு ஐகான். அவர்களுடைய தீமில், அதாவது எல்லா ஸ்லைடுக்கும் பொதுவான நிறத்தொகுப்பில், முதன்மை நிறம் அரக்குச் சிவப்பு. இதே பிரசன்டேஷனைப் பின்னால் தங்கள் இன்னொரு கம்பெனிக்கும் பயன்படுத்துவார்களாம். ஆகையால் நிறமெல்லாம் தீமிலிருந்துதான் வர வேண்டும், தீமை மாற்றினால் எல்லாம் கூடவே மாற வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். ஐகான் பொறுப்பை மேடம் அந்தப் பெண்ணிடம் கொடுத்தார். “இத முடிச்சுக் குடுங்க. அப்புறம் உங்க நிரந்தர ஆர்டர் போட்டுருவேன்,” என்று என் முன்னால்தான் சொன்னார்.

இந்த வேலை தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இறக்குமதி செய்கிற கோட்டு ஐகான்களில் இரண்டு சாதி உண்டு. ஒன்றில் கோடு நிஜமாகவே கோடு. அதன் தடிமனை எண்ணாகக் கொடுக்கலாம், நிறத்தை அவுட்லைனில், அதாவது விளிம்புக் கோட்டில், மாற்றலாம். இன்னொன்றில் கோடு மாதிரி தெரிவது கோடே இல்லை. கோடு வடிவத்தில் வெட்டிய மெல்லிய துண்டு அது. அதற்கு உள்ளே நிரப்புகிற நிறத்தைத்தான் மாற்ற வேண்டும். தடிமன் என்ற எண் அதற்குக் கிடையாது. ஐகானைப் பெரிதாக்கினால் தடிக்கும், சிறிதாக்கினால் மெலியும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். தெரியாமல் தொட்டால் மானம் போகும்.

எனக்கு இது தெரியாதா? தெரியும். நானே பத்துப் பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

ஒரு நாள் மதியம் அவர் என் மேசைக்கு வந்தார். நான் வேறொரு வேலையில் மண்டை காய்ந்திருந்தேன்.

“அண்ணே, ரெண்டாவதா இறக்குன ஐகான் கட்டு அம்புட்டும் கோடு இல்லண்ணே. வெட்டுன துண்டு. அதுக்கு ஒன்றரைப் பாயின்ட் குடுக்க முடியாது.”

“முடியாதுன்னா?”

“அவுட்லைன் வச்சா தடிச்சுப் போகும். ஆனா ஐகான ஒன்னு புள்ளி ஏழு சென்டிமீட்டர்ல வச்சா, அந்தத் துண்டே சரியா ஒன்றரை கனத்துல வருது. பக்கத்துல ஒரு கோடு போட்டு, பெருசாக்கி, அளந்து பாத்துட்டேன். மத்த கட்டையும் அதே அளவுல வச்சுட்டா எல்லாம் ஒன்னு போல இருக்கும்.”

அருமையான யோசனை. அதை நான் சொல்லியிருந்தால் ஒரு வாரம் பீற்றிக்கொண்டு திரிந்திருப்பேன். ஆனால் சொன்னது அவர். மூன்று மாதம்கூட ஆகாத ஆள். எனக்குச் சுருக்கென்று ஏறியது.

“எனக்கே பாடம் எடுக்குறீகளா? இது ஸ்கூல் இல்லம்மா. சுவத்துல எழுதி வச்சிருக்கேன்ல, அதப் பாத்துச் செய்யுங்க. போங்க.”

மற்ற நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முகம் சுருங்கியது. “சரிங்கண்ணே,” என்று போய்விட்டார். போனவர், சுவரைப் பார்த்துச் செய்யவில்லை. சரியானதைச் செய்தார்.

எப்படிச் செய்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், என் நெஞ்சு ஆறட்டும். முப்பத்தேழாவது ஸ்லைடில் ஒரு மாடு வேண்டும். அந்த இரண்டாவது கட்டிலிருந்த மாடு வெளிநாட்டு மாடு, முதுகு மேசை மாதிரி தட்டையாக இருந்தது. “இத எங்கூரு ஆளுக பாத்தா சிரிப்பாக” என்று சொல்லி, முதுகுக் கோட்டின் வளைவை மாற்றுகிற புள்ளிகளைப் பிடித்து இழுத்து, ஒரு திமில் வைத்தார். அந்தத் துண்டின் மேல் விளிம்பை மட்டும் இழுத்தால் போதாது, கீழ் விளிம்பையும் அதே அளவு இழுத்தால்தான் கனம் மாறாது. அரை நாள் அதோடு மல்லுக்கட்டினார். முடித்தபோது அது நம்ம சந்தைக்கு வருகிற மாடு. கம்பெனிக்காரர்கள் அந்த ஸ்லைடு இப்போதைக்கு வேண்டாம், மறைத்து வையுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அதாவது கோப்பில் இருக்கும், ஓட்டும்போது வராது. அவருக்கு வருத்தம்தான். “பரவால்ல, என்னைக்காச்சும் வெளிய வரும்,” என்று சிரித்தார்.

கம்பெனிக்காரர்களுக்குக் காட்டுகிற நாள் வந்தது. பதினொரு மணிக்கு வீடியோவில் சந்திப்பு. நான் எட்டரைக்கே வந்துவிட்டேன். என் மானிட்டரின் ஓரத்தில் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. முந்தின சாயங்காலம் அவர் ஒட்டிவிட்டுப் போனது. படிக்கவில்லை. உரித்து மேசையில் போட்டு, அதன் மேல் டீ கிளாஸை வைத்தேன்.

ஸ்லைடுகளைத் திறந்து ஐகான்களை ஒவ்வொன்றாகச் சொடுக்கிப் பார்த்தேன். சிலவற்றில் தடிமன் ஒன்றரை என்று காட்டியது. சிலவற்றில் ‘அவுட்லைன் இல்லை’ என்று வந்தது. அது அந்த வெட்டுத் துண்டுக் கட்டு. அப்படித்தான் காட்டும். எனக்கோ கோபம் தலைக்கு ஏறியது. ‘பார்த்தியா, சொன்னதைச் செய்யவே இல்லை, பாதியில் விட்டுட்டுப் போயிருக்கு’ என்றுதான் நினைத்தேன். அவர் வந்து என் மேசை முன்னால் நின்று சொன்னது நினைவுக்கே வரவில்லை என்று சொன்னால் அது பொய். வந்தது. அது வந்ததால்தான் இன்னும் வீம்பு ஏறியது.

ஸ்லைடு ஸ்லைடாகப் போனேன். அவுட்லைன் இல்லாத ஐகான்களை மொத்தமாகத் தேர்ந்து ஒன்றரைப் பாயின்ட் கொடுத்தேன். நிறம்? தீம் பட்டியலுக்குப் போக ஒரு சொடுக்கு கூடுதல். நான் நிறம் உறிஞ்சும் கருவியை எடுத்து, கம்பெனி லோகோவில் வைத்து, அந்த அரக்கை அப்படியே உறிஞ்சிப் போட்டேன். அது செத்த நிறம். தீம் மாறினாலும் மாறாது. சுவரில் முதல் வரியாக எழுதியிருப்பதே அதைச் செய்யாதே என்றுதான். மறைத்து வைத்திருந்த மாட்டையும் விடவில்லை. இருபத்து மூன்று ஸ்லைடு. பெருமூச்சு விட்டு, கோப்பைச் சேமித்து, ஆறிப்போன டீயைக் குடித்தேன்.

ஒன்றரைப் பாயின்ட் கனமுள்ள துண்டுக்கு ஒன்றரைப் பாயின்ட் விளிம்பு வைத்தால் என்ன ஆகும்? விளிம்பின் பாதி உள்ளே போகும், பாதி வெளியே வரும். இந்தப் பக்கம் முக்கால், அந்தப் பக்கம் முக்கால். ஒன்றரை, மூன்றாகிவிடும். சரியாக இரண்டு மடங்கு. ஐந்தாம் வகுப்புக் கணக்கு.

பதினொரு மணிக்கு மேடம் அறையில் நாங்கள் மூவரும் உட்கார்ந்தோம், மேடம், நான், அந்தப் பெண். எதிரே பெரிய திரை. அந்தப் பெண் பஸ் தாமதமாகி நேராக அங்கேதான் வந்தார். கோப்பைத் திறந்து பார்க்க நேரமில்லை. நல்ல புடவை கட்டியிருந்தார். பத்து ஸ்லைடு வரை எல்லாம் சுமுகம். பதினோராவதில் கம்பெனிக்காரர் நிறுத்தச் சொன்னார்.

“ஒரு நிமிஷம். இந்தக் கெணறு மட்டும் ஏன் இம்புட்டு தடியா இருக்கு? பக்கத்துல இருக்குற குழாய் மெல்லிசா இருக்கே?”

திரையில் கிணறு கரிக்கட்டையால் கீறியது போல நின்றது. அடுத்த ஸ்லைடு, அதற்கடுத்தது. ஒன்றில் தடி, ஒன்றில் மெலிசு. “ஆளாளுக்கு ஒன்னு வரைஞ்ச மாதிரி இருக்குங்க,” என்றார் அவர். பேச்சில் மரியாதை இருந்தது. அதுதான் இன்னும் உறைத்தது.

எனக்கு அந்தக் கிணற்றைப் பார்த்த நொடியிலேயே தெரிந்துவிட்டது. ‘நான்தான் காலையில் தொட்டேன்’ என்று ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொல்லியிருந்தால் முடிந்துபோயிருக்கும். பத்து நிமிடத்தில் திருத்தித் தருகிறோம் என்றால் அவர்களும் சரி என்றிருப்பார்கள். எனக்கு என்ன நட்டம்? கொஞ்சம் கௌரவம். அவ்வளவுதான்.

மேடம் ஒலியை நிறுத்திவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். “ஐகான் யாரு பாத்தது?”

நான் சொன்னேன். “ஐகான் எல்லாம் அவங்கதான் மேடம் பாத்தாங்க.”

அந்த வாக்கியத்தில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதைவிடப் பெரிய பொய்யை என் வாழ்நாளில் நான் சொன்னதில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன், அதுவும் அடுத்தவர் இலையில்.

அந்தப் பெண் திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒரு கணம் இல்லை, வெகுநேரம் பார்த்தார். நான் குனிந்து என் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் அவர், “நாந்தான் மேடம் பாத்தேன். சரி பண்ணிர்றேன்,” என்றார்.

“நீங்க வேணாம்,” என்றார் மேடம். “அவரு பாத்துக்கிடட்டும்.”

நான் பார்த்துக்கொண்டேன். கம்பெனிக்காரர்கள் அந்தக் கோப்பை வாங்கி அச்செடுத்து, எந்தெந்த ஸ்லைடு என்று அந்தப் பிரதியில் குறித்து அனுப்பினார்கள். இருபத்திரண்டு. ஒவ்வொன்றாகத் திறந்து, நான் காலையில் வைத்த விளிம்பை எடுத்தேன். வேறு ஒன்றும் செய்யவில்லை. விளிம்பு போனதும் கீழே அவருடைய வேலை அப்படியே இருந்தது. ஒன்றரை. எல்லா இடத்திலும் ஒன்றரை. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மேடம் வந்து பார்த்து, “இதுக்குத்தான் அனுபவம் வேணுங்கிறது. அவங்க ஒரு மாசம் பண்ணத நீங்க பத்து நிமிஷத்துல முடிச்சிட்டீங்க,” என்றார். நான் சிரித்தேன். ஆம், சிரித்தேன். இதை எழுதும்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அந்த வார இறுதியில் அவருடைய மூன்று மாதம் முடிந்தது. ஆர்டர் வரவில்லை. ‘இன்னும் கொஞ்சம் பழகிட்டு வாங்க’ என்று மேடம் நல்லவிதமாகவே சொல்லி அனுப்பினார். போகும்போது எல்லோர் மேசைக்கும் வந்து சொல்லிக்கொண்டார். என் மேசைக்கும் வந்தார். “வாரேண்ணே.” பஸ் கணக்கு எதுவும் சொல்லவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பழி பேரையூர் பஸ் ஏறியது. பாவம் தல்லாகுளத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

அன்று மேசையைத் துடைக்கும்போது அந்த மஞ்சள் சீட்டு கிடைத்தது. டீ கிளாஸின் வட்டக் கறைக்குள் அவர் கையெழுத்து. ‘அண்ணே, ரெண்டாவது கட்டுக்கு அவுட்லைன் இல்லைன்னு காட்டும். அது சரிதான். தயவுசெய்து வைக்க வேண்டாம்.’ சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அந்த ஞாயிறு மாதா கோவிலில் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். ‘ஒரு பொய் சொன்னேன், சாமி’ என்று மட்டும் சொன்னேன். யாரிடம், எதற்கு என்று சொல்லவில்லை. அதிலும் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

இரண்டு மாதம் கழித்து அதே கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். அவர்களுடைய இன்னொரு கம்பெனி மாட்டுத்தீவனம் விற்கிறது. அதற்குத் தீம் நீலம். “அதே பிரசன்டேஷன நீலமா மாத்திக் குடுங்க. மறைச்சு வச்ச மாட்டு ஸ்லைடு ஒன்னு இருந்துச்சே, அத முதல்ல வச்சிருங்க.” மேடம் என் பின்னால் வந்து நின்றுகொண்டார். தீமின் நிறத்தொகுப்பை மாற்றினேன், ஒரே சொடுக்கு. அரக்கு எல்லாம் மளமளவென்று நீலமானது. கிணறு நீலம், குழாய் நீலம், இலை நீலம். அத்தனையும் அந்தப் பெண் தீமிலிருந்து எடுத்துப் போட்ட நிறம். ஒன்றுகூடப் பின்தங்கவில்லை.

முப்பத்தேழாவது ஸ்லைடின் மறைப்பை எடுத்து முதலில் கொண்டுவந்தேன்.

மாடு நீலமாகியிருந்தது. அதைச் சுற்றி அரக்கு விளிம்பு. கொம்பிலிருந்து வால் வரைக்கும், திமிலைச் சுற்றியும், தடியாக. அச்சுப் பிரதியில் மறைத்த ஸ்லைடு இல்லை, அதனால் அவர்கள் குறிக்கவில்லை, அதனால் நான் எடுக்கவில்லை. உள்ளே இருந்தது அவருடைய நிறம், மாறியது. வெளியே இருந்தது என்னுடைய நிறம், மாறவில்லை. யார் எதைச் செய்தது என்று கோர்ட்டில் காட்டுகிற மாதிரி இருந்தது.

“இதென்ன, ரெண்டு கலரு?” என்றார் மேடம். “இதும் அந்தப் பொண்ணு விட்டதா?”

கை சுட்டியின் மேல் இருந்தது. இரண்டு சொடுக்கில் எடுத்திருக்கலாம். ‘ஆமா மேடம்’ என்று சொன்னால் இன்னொரு முறையும் தப்பித்திருக்கலாம். அந்தத் திமிலைப் பார்த்தேன். அரை நாள் மல்லுக்கட்டி வைத்த திமில்.

“இல்ல மேடம். நான் விட்டது,” என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். எட்டரை மணி, அவுட்லைன், உறிஞ்சிய நிறம், பேனா மூடி. சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு மாதமாகச் சட்டை மாற்றும்போதெல்லாம் அதையும் மாற்றி வைத்துக்கொண்டிருந்தேன்.

மேடம் சீட்டைப் படித்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதி. “அந்தப் பொண்ணுகிட்டப் பேசுங்க. ஆர்டர் ரெடியா இருக்குன்னு சொல்லுங்க. நீங்களே சொல்லுங்க,” என்று மட்டும் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டார்.

மாடிப்படியில் நின்று போன் செய்தேன். இரண்டாவது மணியில் எடுத்தார்.

“நல்லா இருக்கீங்களாண்ணே?”

தட்டுத் தடுமாறிச் சொன்னேன். அன்னைக்குக் காலையில் நான்தான் அவுட்லைன் வைத்தேன், உங்கள் வேலையில் ஒரு குறையும் இல்லை, மேடத்திடம் சொல்லிவிட்டேன், ஆர்டர் தயாராக இருக்கிறது, வாரம் மூன்று நாள் வீட்டிலிருந்தே, நாளைக்கே வாருங்கள், என்னை மன்னித்துவிடுங்கள்.

“தெரியும்ணே,” என்றார்.

“என்ன தெரியும்?”

“நீங்க வச்சதுன்னு. கெணத்தப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. சரியா ரெண்டு மடங்கு இருந்துச்சுல்ல.”

“அப்பறம் ஏம்மா அன்னைக்கே சொல்லல?”

“நீங்க சொல்லுவீங்கன்னு நெனச்சேன். உங்க மூஞ்சியவே பாத்துட்டு இருந்தேன்.”

கீழே சாலையில் ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போன பிறகு அவரே சொன்னார்.

“கோவமெல்லாம் இல்லண்ணே. மேடத்துக்கு நன்றின்னு சொல்லிருங்க. ஆனா நான் வரல.” பேச்சில் கசப்பே இல்லை, பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வது போலத்தான் சொன்னார். “வந்தா, நான் போட்டுட்டுப் போன கோடு மறுநா அப்பிடியே இருக்கான்னு தெனமும் ஆபீசுக்கு வந்து பாக்கணும். வீட்டுல இருந்து அத எப்பிடிப் பாக்குறது?”